வைஃபைக்கு எதற்கு ஜிமெயில் பாஸ்வேர்டு?

2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் ஓர் உள்நாட்டு விமானத்தில், இருக்கக் கூடாத ஒரு வைஃபை இருப்பதை விமான ஊழியர்கள் கவனித்தார்கள். புகார் போலீசுக்குப் போனது. பெர்த் விமான நிலையத்தில் ஒரு பயணியின் கைப்பையைச் சோதித்தபோது கையடக்க வைஃபை கருவி ஒன்று, ஒரு லேப்டாப், ஒரு செல்போன் கிடைத்தன. விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் அசல் வைஃபையின் பெயரிலேயே போலி வைஃபை நடத்திவந்த அவருக்கு 2025 நவம்பரில் ஏழு ஆண்டு நான்கு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பாஸ்வேர்டை மக்களே டைப் செய்து கொடுத்தார்கள்.

முன்பு ஒருமுறை சேர்ந்த இலவச வைஃபையின் பெயரை நம் போன் நினைவில் வைத்திருக்கும். அதே பெயரில் பாஸ்வேர்டு இல்லாத வைஃபை எங்கே தென்பட்டாலும் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். சேர்ந்ததும் ஒரு சிறு சோதனை நடக்கும். ஐபோன் என்றால் `captive.apple.com` என்ற முகவரியைத் தட்டிப் பார்க்கும். ‘Success’ என்று பதில் வந்தால் இணையம் திறந்திருக்கிறது என்று பொருள். வேறு ஏதாவது பக்கம் வந்தால், இங்கே முதலில் லாகின் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று போனே முடிவுகட்டி, அந்தப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும். ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான். ஹோட்டல்களில் வருகிற நேர்மையான லாகின் பக்கமும் இந்த வழியாகத்தான் வருகிறது. திருடன் அந்த இடத்தில் தன் பக்கத்தை வைத்துவிடுகிறான். கூகுள், பேஸ்புக் லோகோ எல்லாம் அச்சு அசலாக இருக்கும். நீட்டுவது நம் போன் என்பதால் சந்தேகமும் எழாது.

பொது வைஃபையில் பேங்க் ஆப்பைத் திறந்தாலே பணம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எச்சரிக்கை பெரும்பாலும் பழங்கதை. இன்று ஆப்புகளும் தளங்களும் அனுப்பும் தகவல் மறைகுறியாக்கப்பட்டே போகிறது. நடுவில் நிற்பவனால் அதைப் படிக்க முடியாது. முடியாததால்தான் போலிப் பக்கம்.

கண்டுபிடிக்க நல்ல வழி, அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்று பார்ப்பது. நம் ரயில் நிலைய வைஃபை கேட்பது மொபைல் எண்ணும் ஓடிபியும்தான். இணையம் கொடுப்பவருக்கு உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு எந்த வேலைக்கும் உதவாது. கேட்டாலே எழுந்து வந்துவிடலாம். ஓடிபியிலும் ஒரு சூது உண்டு. நீங்கள் கொடுத்த எண்ணை வைத்து அவன் உங்கள் கூகுள் கணக்கில் நுழைய முயன்றால், வருவது கூகுளின் ஓடிபி. எஸ்எம்எஸ்ஸில் எண்ணை மட்டும் பார்க்காமல், எதற்கான ஓடிபி என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். முகவரிப் பட்டையில் உள்ள பூட்டுப் படத்தை நம்ப வேண்டாம், போலித் தளத்துக்கும் அது சுலபமாகக் கிடைக்கும்.

கொடுத்துவிட்டோம் என்றால்? வைஃபையை அணைத்து, அந்தப் பெயரைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். முதலில் காப்பாற்ற வேண்டியது ஈமெயிலை. மற்ற எல்லாக் கணக்குகளின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ கடிதமும் அங்கேதானே வரும்! முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவன் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தால் சில வேலைகளைச் செய்து வைத்திருப்பான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன என்ற பட்டியல் உண்டு, தெரியாததை வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு ஈமெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் ‘Filters and Blocked Addresses’, ‘Forwarding and POP/IMAP’ இரண்டையும் பார்ப்பது அவசியம். உங்களுக்கு வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டு, பேங்க் எச்சரிக்கைகளை மட்டும் நேராகக் குப்பைக்கு அனுப்பும் விதியை அங்கே எழுதிவைக்க முடியும். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த விதி அப்படியே கிடக்கும். அதே பாஸ்வேர்டை வேறெங்கே வைத்திருந்தாலும் அங்கும் மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

அவன் முந்திக்கொண்டு பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் மாற்றிவிட்டாலும், பழைய எண்ணைக் கொண்டு கணக்கை மீட்க கூகுள் ஏழு நாள் அவகாசம் தருகிறது. வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயன்றால் வாய்ப்பு கூடும்.

பணம் போயிருந்தால் உடனே பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்கள். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியுங்கள். வாடிக்கையாளரே ரகசியத் தகவலைக் கொடுத்து நேர்ந்த இழப்பு, பேங்குக்குத் தெரிவிக்கும்வரை அவர் தலையில் என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொன்னது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு பேங்க் பொறுப்பு. அதனால் புகார் எண்ணையும் சொன்ன நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.