திரைக்கு வெளியே திறக்கும் விண்டோ

அலுவலகத்தில் லேப்டாப்போடு இன்னொரு மானிட்டரையும் இணைத்து வேலை பார்த்துவிட்டு, மாலையில் லேப்டாப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்து வருகிறீர்கள். கணக்கு மென்பொருளைத் திறந்தால், டாஸ்க்பாரில் அதன் ஐகான் வருகிறது. மவுஸை அதன்மேல் வைத்தால் சின்னப் படமும் தெரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. பலர் இந்த இடத்தில் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அது வீண் வேலை. மென்பொருளில் பழுது எதுவும் இல்லை.

விண்டோஸ் எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பரப்பாகத்தான் பார்க்கிறது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலை பூஜ்யம். லேப்டாப் திரையின் அகலம் 1920 புள்ளி என்றால், வலப்பக்கம் வைத்த மானிட்டர் 1920-இல் தொடங்கும். பல மென்பொருள்கள் மூடும்போது தாம் இருந்த இடத்தைக் குறித்துவைத்து, அடுத்த முறை அங்கேயே திறக்கின்றன. அந்த எண் 2100 என்று பதிவாகியிருந்தால், மானிட்டர் இல்லாத இன்றைக்கும் விண்டோ 2100-இல்தான் திறக்கும். நல்ல மென்பொருள் அப்படி ஓர் இடம் இப்போது இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

திரும்ப வரவழைக்க, முதலில் Alt+Tab அழுத்தி அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். டாஸ்க்பார் ஐகானைக் கிளிக் செய்வதைவிட இது நல்லது. ஏற்கெனவே தேர்வில் இருக்கும் விண்டோ, ஐகானைக் கிளிக் செய்தால் சுருங்கிப் போய்விடும். அடுத்து Alt+Space, பிறகு M. இப்போது அம்புக்குறி விசை ஒன்றை ஒருமுறை தட்டுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தட்டியபின் மவுஸை நகர்த்தினால், விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு திரைக்குள் வரும். வந்ததும் ஒரு கிளிக். Esc அழுத்திவிடாதீர்கள், பழைய இடத்துக்கே போய்விடும்.

M வேலை செய்யாவிட்டால் விண்டோ முழுத்திரை நிலையில் இருக்கலாம். Alt+Space அழுத்தி, முதலில் R தட்டி அதைச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்த பிறகு முயலுங்கள்.

கேபிளைக் கழற்றாமல் மானிட்டரை மட்டும் அணைத்திருந்தால் கதை வேறு. பல சமயம் இரண்டாவது திரை இன்னும் இருப்பதாகவே விண்டோஸ் நினைத்துக்கொண்டிருக்கும். அப்போது Win+Shift+இடது அம்பு விண்டோவை அடுத்த திரைக்குத் தள்ளும். அல்லது Win+P அழுத்தி, PC screen only என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இவற்றைவிடக் குழப்புவது சிறிய உரையாடல் பெட்டி. முதன்மை விண்டோ கண்ணெதிரே இருக்கும். எங்கே கிளிக் செய்தாலும் 'டிங்' என்ற ஒலி மட்டும்தான் வரும். மென்பொருள் உறைந்துவிட்டது என்று நினைத்து வலுக்கட்டாயமாக மூடினால், சேமிக்காத வேலை போய்விடும். 'சேமிக்கவா?' என்று கேட்கும் பெட்டியே திரைக்கு வெளியே காத்துக்கொண்டிருக்கலாம். தேர்வு அந்தப் பெட்டியில்தான் இருக்கும் என்பதால், அதே Alt+Space, M, அம்புக்குறி இங்கேயும் உதவும்.

விண்டோ உள்ளே வந்ததும், அதை அங்கேயே வைத்து முறையாக ஒருமுறை மூடுங்கள். பல மென்பொருள்கள் புதிய இடத்தைப் பதிவு செய்வது அப்போதுதான்.