சமனாக்கிய துண்டிப்பு

சமனாக்கிய துண்டிப்பு என்பது, பல நிலை மாறிகள் கொண்ட நேரியல் மாதிரி ஒன்றை, அதன் உள்ளீடு-வெளியீட்டு நடத்தை பெரிதும் மாறாமல் சில மாறிகளுக்குள் சுருக்கும் முறையாகும். கட்டுப்பாட்டுப் பொறியியலில் பயன்படும் இம்முறையை புரூஸ் மூர் 1981இல் வெளியிட்டார்.

அடிப்படைக் கருத்து

ஒரு மாறியை நீக்கலாமா என்பதை அறிய இரண்டு கேள்விகள் உண்டு. உள்ளீடு அதை எவ்வளவு எளிதில் அசைக்கிறது? அதன் அசைவு வெளியீட்டில் எவ்வளவு தெரிகிறது? முதல் கேள்விக்கு P என்ற அணியும், இரண்டாவதற்கு Q என்ற அணியும் விடை தருகின்றன. இவை கிராமியன்கள் எனப்படும்.

```
A P + P Aᵀ + B Bᵀ = 0
Aᵀ Q + Q A + Cᵀ C = 0
```

இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு மாறியின் அலகை மாற்றி அதன் எண்மதிப்பைப் பத்து மடங்காக்கினால், P-யில் அதற்குரிய மூலைவிட்ட உறுப்பு நூறு மடங்காகும். Q-இல் நூறில் ஒரு பங்காகும். ஆனால் PQ என்ற பெருக்கத்தின் ஐகென் மதிப்புகள் மாறுவதில்லை. அவற்றின் வர்க்கமூலங்களே ஹாங்கெல் மதிப்புகள். இரு அணிகளும் சமமாகவும் மூலைவிட்ட அணியாகவும் அமையுமாறு மாறிகளை மாற்றுவதே சமனாக்கல். அதன்பின் சிறிய ஹாங்கெல் மதிப்புடைய மாறிகள் நீக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டு

ஒரே உள்ளீடு இயக்கும் இரு மாறிகளின் கூட்டுத்தொகையே வெளியீடு எனக் கொள்வோம்.

```
x1' = -x1 + u
x2' = -3 x2 + u
y = x1 + x2
```

u = 1 என நிலைத்திருந்தால், y இறுதியில் 1.333 ஆகும். வேகமாக அடங்கும் x2-ஐ அப்படியே விட்டுவிட்டால் 1 மட்டுமே கிடைக்கும். அதாவது கால் பங்கு இழப்பு.

இங்கு P, Q இரண்டும் ஒன்றே:

```
P = Q = [ 1/2  1/4
          1/4  1/6 ]
```

இதன் ஐகென் மதிப்புகளான 0.634, 0.033 ஆகியவையே ஹாங்கெல் மதிப்புகள். பெரிய மதிப்புக்குரிய புதிய மாறி 0.88 x1 + 0.47 x2 ஆகும். x2 முழுவதும் மறையாமல், அதன் ஒரு பகுதி இதனுள் தங்குகிறது. இதை மட்டும் வைத்துக்கொண்டால் கிடைக்கும் பரிமாற்றச் சார்பு:

```
1.832 / (s + 1.445)
```

இதன் இறுதி மதிப்பு 1.268. பிழை 0.066, அதாவது ஏறத்தாழ 5 விழுக்காடு. x2-ஐ அப்படியே விட்டுவிட்ட மாதிரியைப் போலவே இதுவும் ஒரு மாறி மாதிரிதானே தவிர, மாறி தேர்ந்தெடுக்கப்பட்ட விதமே வேறு.

பிழையின் எல்லை

எந்த அதிர்வெண்ணிலும் பிழை, நீக்கிய ஹாங்கெல் மதிப்புகளின் கூட்டுத்தொகையைப் போல இருமடங்கை மிஞ்சாது. மேலுள்ள எடுத்துக்காட்டில் 2 × 0.033 = 0.066, பிழை சரியாக அந்த எல்லையைத் தொடுகிறது. ஆகவே எத்தனை மாறிகளை வைத்துக்கொள்வது என்பதைச் சுருக்குவதற்கு முன்பே முடிவு செய்யலாம். ஹாங்கெல் மதிப்புகளை இறங்குவரிசையில் எழுதும்போது திடீரென வீழும் இடமே வெட்டுவதற்கு ஏற்ற இடம். அவை மெதுவாகக் குறைந்துகொண்டே சென்றால், மாதிரியை அதிகம் சுருக்க இயலாது.

வரம்புகள்

மாதிரி நிலைப்புத்தன்மை உடையதாக இருக்க வேண்டும்; இல்லையெனில் கிராமியன்களுக்குப் பொருளில்லை. நிலைப்பற்ற பகுதி இருந்தால் அதைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் சுருக்குவர். மேலும், எடுத்துக்காட்டில் கண்டதுபோல் இறுதி மதிப்பு சற்று மாறிவிடும். அது மாறக்கூடாது என்றால், நீக்க வேண்டிய மாறிகளை வெட்டாமல் அவற்றின் மாறுவீதத்தை மட்டும் சுழியாக்கித் தீர்க்க வேண்டும். அப்போதும் அதே பிழை எல்லை பொருந்தும்.