“இதோ கிளம்பிட்டேன்மா!”

தி.நகரில் கல்யாண வரவேற்பு. மாலை 6 மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார் கணவர். மனைவி பிள்ளையைத் தயார்செய்து, மொய்க் கவரில் பெயர் எழுதி, பூ வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஐந்தரைக்குப் போன் செய்தால், “இதோ கிளம்பிட்டேன்மா” என்கிறார். வந்து சேரும்போது மணி 7. மாதம் நாலைந்து முறை இப்படி நடந்தால், ‘என்னை மதித்தால் இப்படிச் செய்வாரா?’ என்ற கேள்வி எந்த மனைவிக்கும் எழும். தாமதமாக வருபவர் மனைவியாக இருந்து, காத்திருப்பவர் கணவராக இருந்தாலும் கேள்வி இதேதான்.

முதலில் அவருடைய கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்ப்போம். அலுவலகம் கிண்டியில், வீடு அம்பத்தூரில். பைக்கில் 40 நிமிடம் என்று மனத்தில் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டில் வந்த நேரம் அது. வேலைநாள் மாலையில் வடபழனியும் கோயம்பேடும் பாடியும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கம்ப்யூட்டரை மூடுவது, “சார், ஒரு நிமிஷம்” என்று ஒருவர் நிறுத்திக் கேட்பது, பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுப்பது, பெட்ரோல் போடுவது என்று இன்னொரு 20 நிமிடம் போகும். அதை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்தக் கோளாறுக்கு உளவியலில் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர். டேனியல் கானிமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் இதை விவரித்தார்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். ஆனது ஏறக்குறைய 55 நாள். தன் வேலையைக் கணக்கிடும்போது மனிதர் எல்லாம் சரியாக நடக்கும் என்ற காட்சியைத்தான் பார்க்கிறார். போன முறை என்ன ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் இப்படி நம்பிக்கையாகக் கணிப்பதில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அதனால் இந்த வீட்டில், கணவர் எப்போது வருவார் என்பதை அவரைவிட மனைவி சரியாகச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

“ஊருக்குப் போற ரயிலை மட்டும் இவர் விட்டதே இல்லையே, மேனேஜர் கூப்பிட்டா மட்டும் பத்து நிமிஷம் முன்னாடி நிக்கிறாரே” என்று மனைவி கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ரயில் காத்திருக்காது, மனைவி காத்திருப்பார். விலை கொடுக்க வேண்டிய இடத்தில் மனிதர் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்கிறார். வீட்டில் அந்த விலையை மனைவியே கொடுத்துவிடுவதால், அது அவர் கண்ணில் படாமலே போகிறது. வேறு சிலர் ரயிலையும் விடுவார்கள், தாங்கள் ஆசையாக டிக்கெட் எடுத்த சினிமாவுக்கும் பாதியில்தான் போவார்கள். சிறு வயதிலிருந்தே இப்படி என்றால், கூடவே மறதியும் கவனச் சிதறலும் இருந்தால், மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களில் பலருக்கு நேரம் ஓடுவது உறைப்பதில்லை.

பழக்கமா, அலட்சியமா என்று பிரித்துக் காட்டுவது, விலை என்னவென்று தெரிந்த பிறகு அவர் நடந்துகொள்ளும் விதம். அதனால் சண்டை நடக்கும் நேரத்தில் இல்லாமல், வேறொரு நாள் நிதானமாகச் சொல்லுங்கள்: “அன்னிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தேங்க. பிள்ளை தூங்கிட்டான். தனியா வந்து நின்னப்போ எங்க அண்ணி முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு.” பிறகு வந்துசேரும் நேரத்தை விட்டுவிட்டு, நாற்காலியை விட்டு எழும் நேரத்தைப் பேசி முடிவுசெய்யுங்கள். 6 மணிக்கு வீடு என்றால் 4.40-க்கு எழ வேண்டும். கடைசி மூன்று முறை உண்மையில் எவ்வளவு நேரம் ஆனதோ, அதை வைத்தே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

பழக்கத்தால் தாமதிப்பவர் இதற்கு இசைவார். சில நாள் தவறுவார். ஆனால் தாமதமாகும் என்று தெரிந்தவுடன் தானே போன் செய்வார், உண்மையான நேரத்தைச் சொல்வார். மற்றவர், “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்பார். மன்னிப்புக் கேட்க மாட்டார்; காத்திருந்தவரையே குற்றவாளியாக்குவார். தன் நண்பர்களோடு போட்ட திட்டத்தை மாற்ற மாட்டார், உங்களோடு போட்டதைக் கேட்காமலே மாற்றுவார். அதை மரியாதைக் குறைவு என்றே பெயர்சொல்லிப் பேசுங்கள். ‘அவர் சுபாவம் அப்படி’ என்று அவருக்காக நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.