"ஊசி போட்ட பழம்" என்று வீடியோ வந்தால்... தர்பூசணி விவசாயி எழுத வேண்டிய பதில்

2025 கோடையில் தர்பூசணி விவசாயிகள் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். பழத்தில் ஊசி மூலம் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு கைபேசி வழியாகப் பரவியது. வாங்க வந்தவர்கள் தயங்கினார்கள், விலை சரிந்தது, அறுவடைக்கு நின்ற பழம் வயலிலேயே தேங்கியது. அதன்பிறகு அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். ஆனால், தர்பூசணியில் ஒரு வயலின் முக்கிய அறுவடை இரண்டு, மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். விளக்கம் வருகிற வரை பழம் காத்திருக்காது.

அப்படிப்பட்ட நாளில், தன் பழத்தைப் பற்றி விவசாயி தானே ஒரு பதிலை எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

மரக்காணம் பக்கம் இரண்டு ஏக்கரில் தர்பூசணி போட்டிருக்கும் ஒரு விவசாயி. பாதியை வியாபாரிக்குக் கொடுக்கிறார். மீதியைச் சாலையோரக் கொட்டகையிலும், திண்டிவனத்தில் உள்ள வீடுகளுக்கு வாட்ஸ்அப் குழு மூலமும் விற்கிறார். ஏப்ரல் 12-ம் தேதி இரவு, அந்தக் குழுவில் ஒரு வீடியோ வருகிறது. வெட்டிய பழத்தின் நடுவில் பெரிய பிளவு. சதையில் டிஷ்யூ தாளைத் தேய்த்தால் தாள் சிவக்கிறது. "இது ஊசி போட்ட பழம், இவரிடம் வாங்காதீங்க" என்று ஒரு குரல்.

முதலில் போன், பிறகு வயல்

கோபத்தில் உடனே பதில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் வேலை, வீடியோ போட்டவருக்குத் தனியாகப் போன் செய்வது. "எந்தத் தேதியில் வாங்கினீங்கம்மா, வீட்டுக்கு வந்த பழமா, கொட்டகையில் எடுத்ததா, மிச்சத் துண்டு இருக்கா?" என்று கேட்க வேண்டும். மிச்சம் இருந்தால் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்ல வேண்டும். வாதாடக் கூடாது.

அடுத்தது, அறுவடை நோட்டு. அந்தப் பழம் 10-ம் தேதி அறுத்தது என்று நோட்டு சொல்கிறது. அன்றைக்கு அறுத்ததில் மீதமிருக்கும் பழங்களில் ஐந்தை, பக்கத்து வயல்காரர் முன்னிலையில் வெட்டிப் பார்க்கிறார். இரண்டில் அதே போன்ற பிளவு. ஆக, புகாரில் ஒரு பகுதி உண்மை. பிளவு இருக்கிறது. சாயம் என்பதுதான் தவறான முடிவு.

பிளவும் சிவப்பும் எப்படி வருகின்றன?

பூக்கும் சமயத்தில் தேனீ நடமாட்டம் குறைந்து மகரந்தம் சரியாகச் சேராவிட்டால், காயின் உட்புறம் சீராக வளராது. அதன்மேல் தழைச்சத்தும் தண்ணீரும் கூடுதலாகக் கிடைத்துக் காய் வேகமாகப் பெருத்தால், வெளிப்புறம் முந்திக்கொள்ள, நடுச்சதை பிளந்துகொள்கிறது. பழம் சாப்பிட உகந்ததுதான். ஆனால், பார்க்க நன்றாக இருக்காது.

சிவப்பு நிறம் தக்காளியில் உள்ள அதே லைக்கோபீன் நிறமியால் வருவது. பழச்சாற்றில் இது நுண்துகளாக மிதப்பதால், நல்ல பழத்தைத் தேய்த்தாலும் தாள் சிவக்கும். சாற்றைக் கண்ணாடி டம்ளரில் அசைக்காமல் வைத்தால், துகள்கள் மெல்ல அடியில் படிந்து மேல்பகுதி வெளுக்கும். தண்ணீரில் கரையும் சாயம் அப்படிப் படியாது. இது வீட்டில் செய்துபார்க்கும் அடையாளம் மட்டுமே. உறுதியான பதில் ஆய்வகத்தில்தான் கிடைக்கும்.

ஊசி போட்டால் திரவம் குத்திய இடத்தைச் சுற்றித்தான் தேங்கும், பழம் முழுவதும் சீராகப் பரவாது. துளை வழியே கிருமி நுழைந்து, கோடை வெயிலில் பழம் சீக்கிரமே அழுகத் தொடங்கும்.

எழுத வேண்டிய பதில்

மறுநாள் காலையில் அவர் குழுவில் போடும் செய்தி இப்படி இருக்கலாம்:

"ஏப்ரல் 13, காலை 8 மணி. எங்கள் தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுவதில்லை. ஏப்ரல் 10-ம் தேதி அறுத்த பழங்களில் சிலவற்றில் நடுவில் பிளவு இருக்கிறது. நேற்று ஐந்து பழம் வெட்டியதில் இரண்டில் இருந்தது. மகரந்தச் சேர்க்கை குறைந்ததாலும், காய் வேகமாகப் பெருத்ததாலும் வருவது இது. சாப்பிடலாம். வேண்டாம் என்பவர்களுக்கு மாற்றுப் பழமோ, பணமோ தருகிறோம். அதே அறுவடையின் ஒரு பழத்தை இன்று சாயப் பரிசோதனைக்குக் கொடுக்கிறோம். முடிவு எதுவானாலும் இங்கேயே போடுவோம். வயலுக்கு வந்து நீங்களே பறித்து வெட்டிப் பார்க்கலாம்."

கீழே பெயர், ஊர், கைபேசி எண். வெட்டிய பழத்தின் ஒரு படம். அவ்வளவுதான்.

இதில் உண்மை முதலில் வருகிறது. வதந்தியை விளக்கமாகத் திருப்பிச் சொல்லவில்லை. குறை இருப்பதை ஒப்புக்கொண்டதால் மற்ற வரிகளையும் நம்ப முடிகிறது. தேதியும் நேரமும் இருப்பதால், செய்தி வேறு குழுக்களுக்குப் போனாலும் எப்போது எழுதியது என்று தெரியும். குரல் பதிவில் பேசி அனுப்பினால் இந்த வசதி இருக்காது.

எழுதக் கூடாதவை

"எங்கள் பழத்தில் மருந்தே கிடையாது" என்று எழுதிவிடக் கூடாது. அசுவினிக்கோ, வெள்ளை ஈக்கோ ஒருமுறை தெளித்திருந்தாலும் அது பொய்யாகிவிடும். கேள்வி சாயத்தைப் பற்றியது, பதிலும் சாயத்தைப் பற்றி மட்டும் இருக்கட்டும். மருந்தைப் பற்றி யாராவது கேட்டால், தெளித்த மருந்து, தேதி, அறுவடைக்கு விட்ட இடைவெளி ஆகியவற்றை நோட்டைப் பார்த்துச் சொல்லலாம்.

'பொய்' என்று தலைப்புப் போட்டு அந்த வீடியோவையே மற்ற குழுக்களுக்கு அனுப்பக் கூடாது. அதுவரை பார்க்காதவர்களும் அப்போதுதான் பார்ப்பார்கள். வீடியோ எந்தக் குழுவில் வந்ததோ அங்கேயும், பழம் வாங்கும் வியாபாரிக்கும் பதிலை அனுப்பினால் போதும். போலீஸ், வழக்கு என்று வாடிக்கையாளரை மிரட்டினால், அதுவே அடுத்த வீடியோவாகிவிடும்.

ஆய்வறிக்கை வந்த பிறகு

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவின்படி, பொருளை வாங்கியவரே கட்டணம் கட்டி அதைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம். விவசாயியும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். "செயற்கை நிறமி இருக்கிறதா?" என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தரச் சட்டம் கொடுக்கும் அவகாசமே 14 நாள். அதற்குள் பாதி அறுவடை முடிந்திருக்கும். அதனால்தான், தெரிந்ததை அன்றே எழுதி, முடிவு பின்னால் வரும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிக்கை வந்ததும் முழுப் பக்கத்தையும் படமெடுத்துப் போட வேண்டும். கொடுத்த அந்த ஒரு பழத்துக்குத்தான் அது சாட்சி. "எங்கள் எல்லாப் பழமும் சோதிக்கப்பட்டது" என்று எழுதினால் மறுபடி சிக்கல்.

ஊர் முழுக்க விலை விழும்போது ஒருவர் எழுதும் பதிலால் சந்தை நிமிராது. அப்போது விவசாயிகள் சேர்ந்து, தோட்டக்கலைத் துறையிடமும் உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் எழுத்துப்பூர்வ விளக்கம் கேட்க வேண்டும். ஆனால், பெயர் சொல்லிக் குறை சொன்ன வாடிக்கையாளரையும், தயங்கி நிற்கும் வியாபாரியையும் அந்த விவசாயியின் பதில்தான் திரும்ப அழைத்துவர முடியும்.

அதற்கு அறுவடைத் தேதி, எத்தனை பழம், யாருக்குப் போனது, கடைசியாகத் தெளித்த மருந்து என நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு கொட்டகையில் தொங்க வேண்டும். வீடியோ வந்த இரவில் புரட்டிப் பார்க்க அதுதான் உதவும்.