பத்தடி ஜன்னலுக்கு மூன்றாவது பிராக்கெட்

அக்கா வீட்டு ஹாலில் பத்தடி அகல ஜன்னல் ஒன்று உண்டு. மேற்குப் பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக சோபாவில் வந்து விழும். அதற்காகவே போன கோடையில் கனமான வெல்வெட் துணி எடுத்து, உள்ளே வெளிச்சம் புகாத லைனிங்கும் வைத்து, தரை தொடும் திரைச்சீலை இரண்டு தைத்து மாட்டினார்கள். கம்பி மட்டும் பழையது. முக்கால் அங்குல ஸ்டீல் குழாய், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிராக்கெட்.

ஒரு வாரத்தில் கம்பி நடுவில் ஐந்து விரல் அகலத்துக்குத் தொய்ந்துவிட்டது. ஓரமாகத் தள்ளிவைத்த சீலை தானாகவே நடுவுக்கு வழுக்கி வந்தது. நடுவில் துணி தரையில் புரண்டது, ஓரங்களிலோ தரைக்கு மேலே நின்றது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மாலை, இடது பக்க பிராக்கெட் பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. அக்கா போன் செய்து, "தம்பி, இன்னும் தடிமனான கம்பி வாங்கிட்டா சரியாயிடுமா?" என்று கேட்டாள். கடைகளிலும் அப்படித்தான் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரிய, முதலில் அந்தச் சீலையின் எடையைப் பார்க்க வேண்டும்.

துணியின் கனத்தைக் கடையில் ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. அக்கா வாங்கிய வெல்வெட் 300, லைனிங் 150. சீலை மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டுமானால், மறைக்க வேண்டிய அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி தேவை. கம்பி 11 அடி என்பதால் துணியின் அகலம் 22 அடி, அதாவது 6.7 மீட்டர். மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் சேர்த்து உயரம் 2.6 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 17.4 சதுர மீட்டர். வெல்வெட் 5.2 கிலோ, லைனிங் 2.6 கிலோ, ஆக 7.8 கிலோ. வளையங்களையும் கம்பியின் சொந்த எடையையும் சேர்த்தால் 11 கிலோவை நெருங்கும். தைத்து வைத்த சீலை கையில் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

பதினோரு கிலோ ஒரு ஸ்டீல் குழாயை முறிக்கும் எடை அல்ல. ஆனால் பத்தரை அடி இடைவெளியில் அதே எடை பரவித் தொங்கும்போது குழாய் வளைகிறது. ஒரு மில்லிமீட்டர் தகடு கனமுள்ள முக்கால் அங்குலக் குழாய்க்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், நடுவில் சுமார் 9 சென்டிமீட்டர் தொய்வு வருகிறது. அக்கா விரலால் அளந்ததும் ஏறக்குறைய அதுதான். அதை எடுத்துவிட்டு ஒரு அங்குலக் குழாய் போட்டால் தொய்வு 4 சென்டிமீட்டராகக் குறையும். பாதிக்கும் கீழே வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் நான்கு சென்டிமீட்டர் தொய்வு வாசலில் நின்று பார்த்தாலே கண்ணில் படும்.

அதே ஒரு அங்குலக் குழாயின் நடுவில் இன்னொரு பிராக்கெட் வைத்தால் தொய்வு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. காரணம் இதுதான்: மீட்டருக்கு இத்தனை கிலோ என்று எடை ஒரே சீராகத் தொங்கும்போது, தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் தொய்வு இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. தடிமன் கூட்டுவதால் கிடைக்கும் பலன் இதற்குப் பக்கத்தில் வராது. அக்கா வீட்டுச் சீலை அளவு கனமிருந்தால், ஒரு அங்குல ஸ்டீல் குழாய்க்கு ஐந்தடிக்கு ஒரு பிராக்கெட், முக்கால் அங்குலக் குழாய்க்கு நாலடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அலுமினியக் குழாய் அதே அளவில் ஸ்டீலைப் போல மூன்று மடங்கு வளையும் என்பதால் இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டும்.

பெட்டியில் 'பத்து கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தால், எத்தனை அடிக்கு, எத்தனை பிராக்கெட்டோடு என்று கேளுங்கள். அது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இழுத்து நீட்டும் கம்பிகளில் ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழைந்திருக்கும். முழுதாக நீட்டிய நிலையில் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்தான் பாதி தூரத்துக்குச் சுமையைத் தாங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் விளிம்பு வேறு வளையத்தைத் தடுக்கும். கனமான சீலைக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. ஒரே நீளத்தில் குழாய் கிடைக்காமல் இரண்டு துண்டை இணைக்க நேர்ந்தால், இணைப்பு நடு பிராக்கெட்டின் மேலேயே உட்காரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடு பிராக்கெட் கம்பிக்குச் சும்மா ஒரு முட்டு என்று நினைத்து, கையில் கிடைத்த மெல்லிய ஒன்றை அங்கே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் சுமையில் பெரும் பங்கு அதன் தலையில்தான் விழுகிறது. ஒரே துண்டாக ஓடும் கம்பியில், சீலை மூடியிருக்கும்போது, மொத்த எடையில் எட்டில் ஐந்து பங்கு நடுவில் இறங்குகிறது. பதினோரு கிலோவில் ஏறக்குறைய ஏழு கிலோ. ஆகவே மூன்றில் உறுதியானது நடுவில் இருக்க வேண்டும்.

இனி சுவர். பிராக்கெட் கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை, மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கவும் பார்க்கிறது. கம்பி சுவரிலிருந்து 9 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது, மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடையே 4.5 சென்டிமீட்டர் என்றால், ஏழு கிலோ எடை மேல் ஸ்க்ரூவை 14 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். முன்னால் கனத்த சீலை, பின்னால் மெல்லிய வலைத்துணி என்று இரட்டைக் கம்பி போட்டால், முன் கம்பி 15 சென்டிமீட்டர் தள்ளி வரும். இழுப்பு 23 கிலோவுக்கு ஏறிவிடும். குழந்தை சீலையைப் பிடித்துத் தொங்கினால் அது தனிக்கணக்கு. அதனால் பிராக்கெட் வாங்கும்போது சுவரில் பதியும் தட்டு நீளமாக இருக்கிறதா, ஸ்க்ரூ ஓட்டைகள் மேலும் கீழுமாக நன்றாகத் தள்ளி இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பி சுவருக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது, துணி ஜன்னல் கைப்பிடியில் உரசாமல் இருந்தால் போதும்.

அக்கா வீட்டில் விழுந்த பிராக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ஸ்க்ரூ ஒரு அங்குலம்தான். சுவர்ப் பூச்சே அரை அங்குலத்துக்கு மேல் இருந்தது. செங்கலுக்குள் போனது மீதி அரை அங்குலத்துக்கும் குறைவு. போதாததற்கு, பால்கனிக்குப் போகும் வழி வலது பக்கம் என்பதால் தினமும் மாலையில் இரண்டு சீலைகளையும் இடது பக்கமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய மொத்த எடையும் அந்த ஒரு பிராக்கெட்டில் தொங்கியிருக்கிறது. பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

இந்த முறை டிரில் போட வந்தவர் அனுபவசாலி. ஓட்டை போடும்போது கீழே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொன்னார். முதலில் சாம்பல் நிறத்தில் மணல் போன்ற தூள் கொட்டியது, அது பூச்சு. பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் அடுத்து வந்தது சிவப்புத் தூள், செங்கல். "இங்க வேண்டாம் சார், லிண்டல்ல அடிப்போம்" என்று முக்கால் அடி கீழே இறக்கினார். அங்கே பூச்சைத் தாண்டியதும் டிரில்லின் சத்தமே மாறியது. உள்ளே போக மறுத்து, மெதுவாக வெளிர்சாம்பல் மாவு உதிர்ந்தது. ஜன்னலுக்கு மேலே குறுக்கே போகும் கான்கிரீட் அது. பெரும்பாலும் ஜன்னலின் இரண்டு பக்கமும் சுமார் அரை அடி நீண்டிருக்கும் என்பதால் மூன்று பிராக்கெட்டுக்கும் அதிலேயே இடம் கிடைத்தது. 8 மில்லிமீட்டர் பிட், இரண்டு அங்குல பிளாஸ்டிக் பிளக், பூச்சைத் தாண்டி உள்ளே பிடிக்கும்படி இரண்டரை அங்குல ஸ்க்ரூ.

தூள் வெள்ளையாக, தடையே இல்லாமல் கொட்டினால் அது எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லாக இருக்கலாம். அதில் சாதாரண பிளக் பிடிக்காது, அந்தக் கல்லுக்கென்றே விற்கும் பிளக் வேண்டும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் பலகையில் கனமான எதையும் தொங்கவிடக் கூடாது.

நடு பிராக்கெட் வந்ததும் வளையம் தன் கேள்வியோடு வருகிறது. முழு வட்ட வளையமும் துணியிலேயே பதிந்த ஐலெட்டும் நடு பிராக்கெட்டைத் தாண்டாது. ஆனால் சீலை இரண்டாகப் பிரிந்து நடுவில் திறக்குமானால் இது குறையே இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிராக்கெட் நிற்கிறது, இடது சீலை இடதிலும் வலது சீலை வலதிலும் ஓடும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் ஒதுக்க முடியாமல் போவதும் அக்கா வீட்டுக்கு நன்மையே. கம்பி இன்னும் நீளமாகி நாலு பிராக்கெட் தேவைப்பட்டாலோ, ஒரே சீலையாக இழுக்க வேண்டும் என்றாலோ, வாய் திறந்த சி வடிவ வளையமும் அது கடந்து போகும்படி அமைந்த பிராக்கெட்டும் வேண்டும். அல்லது கம்பியையே விட்டுவிட்டு, கூரை கான்கிரீட்டில் அடிக்கடி ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் அலுமினிய டிராக்குக்குப் போய்விடலாம். அதில் சக்கரங்கள் உள்ளே ஓடுவதால் தாங்கி எதுவும் குறுக்கே வராது.

ஒரு அங்குலக் கம்பிக்கு வளையத்தின் உள் அகலம் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் இழுக்கும்போது சாய்ந்து கடித்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பதினாறு என்று 32 வளையம் போட்டால் வளையத்துக்கு 240 கிராம்தான் வரும். நாலங்குலத்துக்கு ஒன்று. இடைவெளி ஆறங்குலத்தைத் தாண்டினால் சீலையின் மேல் விளிம்பு வளையத்துக்கு வளையம் தொங்கிப்போகும். கடையில் வளையத்தைப் பார்க்கும்போது அடியில் கொக்கி மாட்டும் சின்னக் கண்ணை விரலால் இழுத்துப் பாருங்கள். கனமான துணியில் முதலில் விரிந்துபோவது அதுதான். உள்பக்கம் நைலான் பூச்சு இருந்தால் ஸ்டீல் மேல் கிரீச்சிடாமல் ஓடும். இரண்டு ஓரத்திலும் கடைசி வளையத்தை மட்டும் முனை பிராக்கெட்டுக்கு அப்பால் போட்டுவிட்டால், இழுக்கும்போது சீலை ஓரத்தை விட்டு நகராது, பக்கவாட்டில் வெயிலும் எட்டிப் பார்க்காது.

எல்லாம் முடிந்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டிப் பார்த்தோம். கம்பிக்கும் நூலுக்கும் நடுவே ஒரு தீக்குச்சித் தடிமன்தான் இடைவெளி. அக்கா வலது சீலையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அது திரும்பி வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். வரவில்லை.