மூன்று வரிப் பேச்சு

கலசப்பாக்கம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் அன்றெல்லாம் பிரேயர் என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி, அப்புறம் பெரிய வாத்தியாரின் பேச்சு. மழைக்காலம் வந்தால் செய்யாற்றைப் பற்றிப் பேசுவார். வெள்ளம் எப்படி வருகிறது, போன வருஷம் எவ்வளவு வந்தது என்று கால் மணி நேரம் போகும். கடைசியில், "அதனால் யாரும் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது" என்பார். ஐந்தாம் வகுப்புக்குப் புரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும்.

அவர் கவலை நியாயமானது. செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது. மேலே மழை கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். மணலில் விளையாடும் பிள்ளைக்கு அதை யோசிக்கத் தெரியாது.

2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. வகுப்பறைக்குள் ஆட்டமும் பாட்டுமாயிற்று. பிரேயர் பேச்சுதான் மெதுவாக மாறுகிறது. இன்று அதே ஆற்றுப் பேச்சை இரண்டே நிமிஷத்தில் இப்படிச் சொல்லலாம்:

"மலையில மழை!" இரு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டியபடி இறக்க வேண்டும்.
"ஆத்துல தண்ணி!" இரு கைகளும் பக்கவாட்டில் அலைபோல ஓடும்.
"நாம கரையில!" ஓரடி பின்னால் வைத்துக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசி வரியில் 'போகாதே' இல்லை என்பதைக் கவனியுங்கள். சின்னப் பிள்ளைக்கு எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் உடம்பில் நிற்கும். வீட்டுப் பேச்சில் சொல்வதும் அதற்காகத்தான். 'ஆற்றில் நீர்' என்றால் அது பாட வரியாகிப்போகும்.

முதல் சுற்று நாம் சொல்லிச் செய்ய, பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும். இரண்டாவது சுற்று ரகசியக் குரலில். மூன்றாவதில் சத்தமே வேண்டாம், செய்கை மட்டும். எதிரே நிற்பவர் வலக்கையைத் தூக்கினால் பிள்ளைகள் இடக்கையைத் தூக்குவார்கள். அதனால் இரு கையும் சேர்ந்து செய்யும் செய்கையே நல்லது. பின்னால் அடியெடுத்து வைக்க இடம் வேண்டும், வரிசைகளைத் தள்ளி நிறுத்துங்கள். நாலாவது வரி சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் முதல் வரி போய்விடும்.

எல்லாரும் சேர்ந்து கத்துவதை வைத்துப் புரிந்துவிட்டது என்று நம்பக் கூடாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தே பாதிப் பேர் செய்வார்கள். மத்தியானம் ஒன்றாம் வகுப்புக்குள் போய், "ஆத்துல தண்ணி!" என்று மட்டும் சொல்லுங்கள். தானாகப் பின்னால் நகர்ந்தால் பேச்சு பதிந்திருக்கிறது. அலைபோலக் கையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றால் ஆட்டம் மட்டுமே பதிந்திருக்கிறது. மறுநாளும் அதே மூன்று வரிதான், புதுப் பேச்சு வேண்டாம்.

வெள்ளத்துக்கு விடுமுறை விட்ட பிறகு இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆசிரியர்களே, ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள்.