ஒரே குழாயடி, பதினான்கு குடித்தனம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது. நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் பில் போடுகிற பெண். "சார், எண்டர் தட்டினா ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் அடுத்த வரி வருது. சனிக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு."

போய்ப் பார்த்தால் சர்வரின் பிராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. மெமரி பாதி காலி. ஆனால் அந்த ஒரே இயந்திரத்துக்குள் பதினான்கு மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. இவற்றைத்தான் எங்கள் தொழிலில் கெஸ்ட் என்போம். பில்லிங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினியாக நினைத்துக்கொண்டிருக்கும். பிராசஸரையும் மெமரியையும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடலாம். டிஸ்க் அப்படியல்ல. ஒண்டுக் குடித்தன வீட்டில் பதினான்கு குடும்பத்துக்கும் முற்றத்தில் ஒரே குழாய் இருப்பதைப் போல, எல்லாரும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

சர்வரில் ஒரு கட்டளை தட்டினேன். திரையில் வந்ததில் தேவையான நான்கு பத்திகளை மட்டும் தருகிறேன்.

```
$ iostat -x 1 sda
Device    w/s   w_await  aqu-sz  %util
sda     104.0     385.2    40.1   99.8
```

முதல் எண், டிஸ்க் ஒரு நொடியில் முடித்த எழுத்து வேலைகள்: 104. இரண்டாவது, ஒவ்வொரு வேலையும் சராசரியாகக் காத்திருந்த நேரம்: 385 மில்லி செகண்ட். மூன்றாவது, எந்த நேரத்திலும் வரிசையில் இருந்தவர்கள்: 40. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. நாற்பது குடம் வரிசையில் இருக்கிறது, குழாய் நொடிக்கு 104 குடம் நிரப்புகிறது என்றால், புதிதாக வரும் குடம் ஒரு நொடியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நிற்கத்தான் வேண்டும். பில்லிங் மென்பொருள் ஒரு வரியைச் சேமிக்க டிஸ்க்கிடம் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முறை "எழுதியாயிற்றா?" என்று கேட்டு உறுதி வாங்கும். ஐந்து முறையும் வரிசையின் கடைசியில் போய் நின்றால் 1.9 நொடி. அந்தப் பெண் சொன்ன இரண்டு செகண்ட் அச்சாக அங்கே இருந்தது.

அந்த டிஸ்க் பழுதானதல்ல, நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் நல்ல ஹார்ட் டிஸ்க். கணக்கு இதுதான்: ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை வேறு தடத்துக்கு நகர இன்னொரு எட்டு, ஒன்பது மில்லி செகண்ட். ஆக, சிதறிய இடங்களில் எழுதும்போது நொடிக்கு எண்பது வேலை முடிந்தால் அதிகம். வரிசை நீளும்போது டிஸ்க் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டும். பக்கத்துப் பக்கத்து வேலைகளைச் சேர்த்து முடித்து எண்பதை நூறு, நூற்றைம்பது ஆக்கும். 104 வந்தது அப்படித்தான். அதற்கு மேல் எத்தனை குடம் வந்தாலும் குழாயில் வேகம் கூடாது, காத்திருப்புத்தான் கூடும். இரண்டு டிஸ்க்கை மிர்ரராக வைத்திருந்தும் பயனில்லை. எழுதுவதை இரண்டும் எழுதியாக வேண்டுமே.

சும்மா இருக்கும் கெஸ்ட்கூட லாக் கோப்பு, கடிகாரக் குறிப்பு என்று நொடிக்கு நாலைந்து முறை எழுதும். பதினான்கு கெஸ்ட்டுக்கு அதுவே அறுபது, எழுபது ஆகிவிடுகிறது. டிஸ்க்கின் சக்தி முக்காலும் யாரும் எதுவும் செய்யாதபோதே தீர்ந்துவிடுகிறது. திங்கள் காலை கணக்கு கெஸ்ட் வார அறிக்கையைத் தயாரித்தது, இரண்டு விண்டோஸ் கெஸ்ட்கள் அப்டேட் எடுத்தன, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஹார்ட் டிஸ்க் நேர்கோட்டில் எழுதும்போது நொடிக்கு 200 எம்பி வரை தரும் என்று பெட்டியில் போட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் ஐந்து கெஸ்ட்கள் ஆளுக்கொரு கோப்பை நேர்கோட்டில் எழுதினாலும், டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்போது ஐந்தும் கலந்து சிதறலாகிவிடும். பல குடித்தனக்காரர்களுக்கு அந்த 200 கைக்கு எட்டாத எண்.

எஸ்.எஸ்.டி. வாங்கச் சொன்னேன். அவர்கள் கடையில் கிடைத்த சாதாரண 500 ஜிபி என்.வி.எம்.இ. இரண்டு வாங்கி வந்தார்கள். பெட்டியில் நொடிக்கு ஐந்து லட்சம் வேலை என்று இருந்தது. அந்த ஐந்து லட்சம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எஸ்.எஸ்.டி.க்குள் சுழல்வது எதுவும் இல்லை, பல மெமரி சில்லுகள் அருகருகே இருக்கின்றன. ஒரே குழாய் என்றது இங்கே பல குழாயாகிறது. ஆனால் எல்லாக் குழாயும் ஓட வேண்டுமானால் ஒரே நேரத்தில் நிறையக் குடங்கள் வரிசையில் இருக்க வேண்டும். பெட்டியில் போடும் எண், வரிசையில் எப்போதும் 32 அல்லது அதற்கு மேல் வேலையை நிறுத்தி வைத்து அளந்தது. பல கெஸ்ட்கள் சேர்ந்தால் அப்படி ஒரு வரிசை தானாகவே உண்டாகும் என்பதால், எஸ்.எஸ்.டி. கூட்டத்துக்கு ஏற்றது.

பில்லிங் கெஸ்ட்டின் கதை வேறு. அது ஒரு குடத்தை நிரப்பி, உறுதி வாங்கி, பிறகுதான் அடுத்த குடத்தைக் கொண்டுவரும். அதற்கு வரிசை எப்போதும் ஒன்றுதான். அங்கே எத்தனை குழாய் என்பது கணக்கே இல்லை, ஒரு உறுதி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. அதை அளக்க:

```
fio --name=sync --filename=test.dat --size=1G \
    --rw=randwrite --bs=4k --iodepth=1 --fdatasync=1 \
    --runtime=60 --time_based
```

ஐந்து லட்சம் போட்டிருந்த அந்த டிஸ்க் இதில் எழுநூறைச் சுற்றி நின்றது. ஏனென்றால் சாதாரண எஸ்.எஸ்.டி. எழுத வந்ததை முதலில் தன் தற்காலிக மெமரியில் வாங்கி வைக்கிறது. மின்சாரம் போனால் அது அழிந்துவிடும். அதனால் "உறுதியா?" என்று கேட்டால், சில்லுக்குள் எழுதி முடித்த பிறகே தலையாட்ட முடியும். சர்வருக்கென்று செய்த எஸ்.எஸ்.டி.யில் வரிசையாகச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் போனாலும் தற்காலிக மெமரியில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் மின்னூட்டம் இருப்பதால், அது உடனே தலையாட்டிவிடலாம். பின்னால் நான் வாங்கிய அப்படிப்பட்ட டிஸ்க் இதே சோதனையில் பத்தாயிரத்தைத் தாண்டியது. சிலர் இந்த வேகத்தை இலவசமாகப் பெற கெஸ்ட்டின் அமைப்பில் `cache='unsafe'` என்று போடுவார்கள். அது உறுதி கேட்பதையே காதில் போட்டுக்கொள்ளாமல் விடுகிற வேலை. கரண்ட் ஒருமுறை போனால் டேட்டாபேஸ் சிதைந்து நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எழுநூறே என்றாலும் பழைய நிலைக்கு அது சொர்க்கம். பில் ஓடியது, போன் நின்றது. நானும் மறந்திருந்தேன். பதினான்கு மாதம் கழித்து ஒருநாள் `smartctl -a /dev/nvme0` தட்டிப் பார்த்தபோது `Percentage Used` என்ற வரியில் 56% இருந்தது. மாதத்துக்கு நான்கு சதவீதம் தேய்ந்திருக்கிறது.

ஃபிளாஷ் சில்லை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று அளவு உண்டு. இந்த டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர் உறுதி தந்தது மொத்தம் 300 டிபி எழுத்து. 4% என்றால் மாதத்துக்கு 12 டிபி, நாளுக்கு 400 ஜிபி. பில் போடும் நிறுவனம் நாளைக்கு 400 ஜிபி எழுதுமா? ஒவ்வொரு கெஸ்ட்டும் உண்மையில் எவ்வளவு எழுதுகிறது என்று `virsh domblkstat` கொண்டு ஒரு நாள் முழுக்கக் கணக்கெடுத்தேன். பதினான்கும் சேர்ந்து 60 ஜிபிதான். மீதி 340 ஜிபி எங்கிருந்து வந்தது?

தினமும் இரவு இரண்டு மணிக்கு எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து. கெஸ்ட்டின் டிஸ்க், ஹோஸ்ட்டில் ஒரு qcow2 கோப்பு. அது 64 கேபி துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு கெஸ்ட் ஒரு துண்டில் 4 கேபி மாற்றினால், பழையது அப்படியே இருக்க வேண்டுமல்லவா, அதனால் முழு 64 கேபியும் புதிய இடத்தில் எழுதப்படும். முதல்முறை தொடும் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படிப் பதினாறு மடங்கு. தினமும் ஸ்னாப்ஷாட் என்றால் தினமும் எல்லாம் "முதல்முறை". அதை நிறுத்தி, அப்டேட்டுக்கு முன்பு மட்டும் ஸ்னாப்ஷாட், இரவில் மாறிய பகுதிகளை மட்டும் நேராக ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கும் பேக்கப் என்று மாற்றினேன்.

அந்த 60 ஜிபியிலும் 22 ஜிபி ஒரே கெஸ்ட் எழுதியது. 1 ஜிபி ரேமில் திணறி, இடம் போதாமல் இடைவிடாமல் ஸ்வாப்புக்கு எழுதிக்கொண்டிருந்தது. ரேமைக் கூட்டியதும் நின்றது. பிறகு கெஸ்ட்களின் டிஸ்க் அமைப்பில் `discard='unmap'` போட்டு, வாரம் ஒருமுறை உள்ளே `fstrim -av` ஓட விட்டேன். இல்லையென்றால் கெஸ்ட் அழித்த கோப்புகள் எஸ்.எஸ்.டி.க்குத் தெரியாது. எல்லா இடமும் நிரம்பியதாக நினைத்து, வேண்டாத குப்பையை இடம் மாற்றி மாற்றி எழுதித் தன்னைத் தானே தேய்த்துக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு நாளுக்கு 110 ஜிபி.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. மிர்ரரில் இருந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை. ஒரே எழுத்து இரண்டுக்கும் போகிறது. இரண்டிலும் 56%. ஹார்ட் டிஸ்க் பழுதாவது பெரும்பாலும் தனித்தனியாக, ஆளுக்கொரு காலத்தில். தேய்மானமோ இரண்டையும் ஒரே வாரத்தில் கொண்டுபோகும், அப்போது மிர்ரர் எதற்கு? 100% என்பது சாவு அல்ல, அந்த எண் 255 வரைகூட ஏறும். ஆனால் அதற்கு மேல் தயாரிப்பாளரின் உறுதி இல்லை.

அதனால் இப்போது இப்படி வைத்திருக்கிறேன். எல்லா கெஸ்ட்களின் சிஸ்டம் டிஸ்க்கும் டேட்டாபேஸும், கெப்பாசிட்டர் உள்ள 960 ஜிபி சர்வர் எஸ்.எஸ்.டி. இரண்டில். வெவ்வேறு தயாரிப்பாளர்கள், இரண்டு மாத இடைவெளியில் வாங்கியவை. ஐந்து வருடம் தினமும் ஒருமுறை முழுக்க எழுதலாம் என்பது இவற்றின் உறுதி, அதாவது சுமார் 1,750 டிபி. பழைய ஹார்ட் டிஸ்க்குகள் போகவில்லை. பேக்கப்பும் ஸ்கேன் செய்த பழைய பில்களும் கேமராப் பதிவும் அவற்றில்தான். அங்கே ஒருவர் ஒருநேரத்தில் எழுதினால் போதும், யாரும் உறுதிக்காகக் காத்திருப்பதில்லை, ஒரு ஜிபிக்கு விலையும் குறைவு. வார அறிக்கை ஓடும் கெஸ்ட்டுக்கு மட்டும் ஒரு தடுப்பு:

```
virsh blkdeviotune accounts vda --total-iops-sec 2000
```

அறிக்கை முன்பைவிட நாலு நிமிடம் தாமதமாக முடிகிறது, பில் போடும் இடத்தில் யாருக்கும் தெரிவதில்லை. மாதம் ஒருமுறை `Percentage Used` பார்த்து நோட்டில் எழுதுகிறேன். ஒரு வருடம் ஆனது. இரண்டு டிஸ்க்கிலும் 2%.